ஏசியை நீக்கிய பின்னும் சுவர் சுவராகத் தெரிய

உள்ளரங்கப் படங்களில் கண்ணை உறுத்துபவை பெரும்பாலும் சுவரில்தான் இருக்கின்றன. வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் போர்டு, சோபாவுக்கு அருகே இரண்டு பிளக் பாயிண்ட், மேலே ஒரு ஸ்பிளிட் ஏசி, அதன் பக்கத்தில் ஸ்டெபிலைசர், அங்கிருந்து மூலை வரை ஓடும் பிவிசி கேசிங் பட்டை. இன்டீரியர் வடிவமைப்பாளரின் ஆல்பத்துக்கோ பெயின்ட், மரச்சாமான் நிறுவனங்களின் கேட்டலாகுக்கோ போகும் படமென்றால் இவற்றை எடுத்துவிடச் சொல்வார்கள். பொருளை மறைப்பது சில நிமிட வேலை. அது இருந்த இடத்தில் பெயின்ட் அடித்த சுவரை நம்பும்படி உருவாக்குவதில்தான் நேரம் போகிறது. ஏசி போன இடத்தில் வழவழப்பான ஒரு மேகத் திட்டு தெரிந்தால், ஏசியே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிடும்.

வீட்டை விற்பதற்கான விளம்பரப் படம் என்றால் நிலைமை வேறு. சுவரில் பதிந்திருக்கும் மின் இணைப்புகள் வாங்குபவர் அறிய வேண்டிய விவரங்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்புக்கு ஆளானவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பைக் கட்டுநர் மேல் வைக்கிறது. ஆகவே இங்கே விளக்கப்படும் முறை வடிவமைப்பையும் நிறத்தையும் காட்டும் படங்களுக்கானது.

வெறும் சுவர் என்று நாம் நினைப்பதில் உண்மையில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, நிறமும் வெளிச்சமும். ஜன்னலுக்கு அருகே சுவர் பளிச்சென்று இருக்கும், தள்ளிப் போகப் போக மெல்ல மங்கும். இந்த மாற்றம் மிக மெதுவானது, அதில் எங்கும் விளிம்பு கிடையாது. மற்றொன்று, பெயின்டின் சொரசொரப்பு. புட்டி தேய்த்து, பிரைமர் அடித்து, ரோலரால் பெயின்ட் பூசிய சுவரில் ஆரஞ்சுத் தோல் போன்ற சின்னஞ்சிறு மேடுபள்ளங்கள் நிற்கும். படத்தில் இவை ஒரு சில பிக்சல் அளவுள்ள வெளிச்சப் புள்ளிகளாகவும் இருட்டுப் புள்ளிகளாகவும் பதிகின்றன. கேமரா சென்சாரின் இரைச்சலும் அதே அளவில் அவற்றோடு கலந்துவிடுகிறது.

இந்த இரண்டையும் ஒட்டுப்போடும் விதம் ஒன்றுக்கொன்று எதிரானது. நிறத்தை ஒட்டும்போது விளிம்பு மென்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு தெரியும். சொரசொரப்பை ஒட்டும்போது விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் ஒட்டினால், விளிம்புப் பகுதியில் பழைய புள்ளிகளும் புதிய புள்ளிகளும் பாதிக்குப் பாதி கலக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத புள்ளிகள் அப்படிக் கலந்தால் ஒன்றை ஒன்று ஓரளவு அடித்துவிடும். சரிபாதி கலவையில் சொரசொரப்பின் துலக்கம் பத்தில் ஏழு பங்காகக் குறைந்துபோகும். ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வழுக்கலான ஒரு வளையம் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஒரே பிரஷ்ஷால் இரண்டு வேலையையும் செய்ய முடியாது. நிறத்தையும் சொரசொரப்பையும் தனித்தனி லேயராகப் பிரித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சின்னப் பொருள்களுக்கு இந்தப் பிரிவினையை மென்பொருளே செய்துவிடுகிறது. 2002இல் ஃபோட்டோஷாப் 7இல் வந்த ஹீலிங் பிரஷ், நாம் காட்டும் இடத்திலிருந்து சொரசொரப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நிறத்தைத் தடவும் இடத்தின் விளிம்புகளிலிருந்து கணக்கிட்டு உள்ளே பரப்புகிறது. ஜிம்ப் மென்பொருளின் ஹீல் கருவியும் இதே வகை. 9 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளக் பாயிண்ட்டுக்கு இதுவே போதும். அந்த அகலத்துக்குள் சுவரின் வெளிச்சம் பெரிதாக மாறாது என்பதால் கணக்கு சரியாக வரும். காலியான ஒரு புதிய லேயரை மேலே வைத்து, கருவியின் Sample அமைப்பை Current & Below என்று மாற்றிக்கொண்டு தடவினால் மூலப்படம் கெடாமல் இருக்கும்.

ஆனால் நிறம் விளிம்பிலிருந்து வருகிறது என்பதாலேயே ஹீலிங் பிரஷ் சில இடங்களில் தவறிவிடும். சுவிட்ச் போர்டு தேக்கு நிலையை ஒட்டியிருந்தால், தடவும் வட்டத்தின் ஓரம் நிலையைத் தொட்டதுமே பழுப்பு நிறம் சுவருக்குள் கசியும். தரையோரத்து ஸ்கர்ட்டிங் டைலுக்கு மேலே இருக்கும் பிளக் பாயிண்ட்டிலும் இதே கதைதான். அத்தகைய இடங்களில் நிலையின் ஓரத்தைச் செலக்‌ஷன் போட்டு வெளியே நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்துக்கு மட்டும் குளோன் ஸ்டாம்ப்பைப் பயன்படுத்த வேண்டும். அது கணக்கு எதுவும் போடாமல் இருப்பதை அப்படியே நகலெடுக்கும் கருவி. விளிம்பை அதில் முடித்த பிறகு, நடுப்பகுதிக்கு ஹீலிங் பிரஷ் போகலாம்.

ஏசியிடம் ஹீலிங் பிரஷ் மொத்தமாகத் தோற்றுவிடுகிறது. காரணம் ஏசியின் அளவு மட்டுமன்று, அதன் நிழலும்தான். கூரை விளக்கின் வெளிச்சத்தை ஏசி மறிப்பதால் அதன் அடியில் ஒரு மென்மையான நிழல் விழுகிறது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாதாரணமாகக் கண்ணுக்குப் பிடிபடாது. ஏசியின் ஓரத்தை ஒட்டித் தேர்ந்தெடுத்து நீக்கினால், கருவி அந்த நிழலைத்தான் சுவரின் நிறம் என்று எடுத்துக்கொள்ளும். ஏசி போய், அதன் வடிவத்தில் அழுக்குப் படிந்தது போன்ற கறை நிற்கும். நிழலின் உண்மையான எல்லையைக் காண ஒரு வழி உண்டு. மேலே ஒரு Curves லேயரைப் போட்டு, அதன் கோட்டைச் செங்குத்தான மேடு பள்ளங்களாக அலைபோல் வளைக்க வேண்டும். படம் கண்றாவியாகத் தெரியும், ஆனால் கண்ணுக்கு எட்டாத நிற வேறுபாடுகள் எல்லாம் பட்டைகளாக வெளியே வந்துவிடும். வேலை முழுவதும் இந்த லேயரைத் தேவைக்கேற்ப ஏற்றி அணைத்துக்கொள்ளலாம்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் உள்ள படம், சுவருக்கு நேர் எதிரே நின்று எடுத்தது. 12 அடி நீளச் சுவர் படத்தில் 4400 பிக்சலாகப் பதிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு 1.2 பிக்சல் என்று கணக்கு வருகிறது. 95 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஏசி 1140க்கு 360 பிக்சல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கூரைக்கும் அதற்கும் இடையே 180 பிக்சல். அடியில் நிழல் 300 பிக்சல் வரை இறங்குகிறது. ரோலர் விட்டுப்போன மேடுகள் சுமார் 3 மில்லிமீட்டர், அதாவது மூன்று நான்கு பிக்சல். ஜன்னல் இடதுபுறம் இருக்கிறது.

லென்ஸ் கோணலையும் செங்குத்துக் கோடுகளின் சாய்வையும் முதலிலேயே திருத்திவிட வேண்டும். ஒட்டுப்போட்ட பிறகு திருத்தினால் எல்லாமே இழுபட்டு, சொரசொரப்பு இடத்துக்கு இடம் மாறிப்போகும். கோப்பு 16 பிட்டில் இருப்பது நல்லது. இந்தப் படத்தில் ஏசியின் இடப்பக்கச் சுவரின் சிவப்பு மதிப்பு 214, வலப்பக்கம் 202 என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1200 பிக்சல் தூரத்தில் பன்னிரண்டே படிகள். 8 பிட் கோப்பில் ஒவ்வொரு படியும் நூறு பிக்சல் அகலமுள்ள பட்டையாக நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. 16 பிட்டில் இடைப்பட்ட மதிப்புகளுக்கு இடம் தாராளம்.

அடுத்தது பிரிவினை. படத்தின் லேயரை இரண்டு முறை நகலெடுத்து, கீழ் நகலை Gaussian Blur கொடுத்து மங்கலாக்க வேண்டும். எவ்வளவு மங்கல் என்பதுதான் கேள்வி. மூன்று நான்கு பிக்சல் மேடுகள் முற்றிலும் கரைய வேண்டும், வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமோ கலையக் கூடாது. இங்கே 10 பிக்சல் ஆரம் பொருந்துகிறது. ஆரம் 3 என்றால் மேடுகளின் பாதி நிற லேயரிலேயே தங்கிவிடும். 60 என்றால் நிழலின் ஓரமும் சொரசொரப்பு லேயருக்குள் ஏறிவிடும். பிறகு மேல் நகலைத் தேர்ந்தெடுத்து, Apply Image சாளரத்தைத் திறந்து, மங்கலான லேயரை மூலமாகக் காட்டி, இந்த மதிப்புகளைக் கொடுக்க வேண்டும்:

```
16 bit: Blending: Add       Invert: on    Scale: 2   Offset: 0
8 bit:  Blending: Subtract  Invert: off   Scale: 2   Offset: 128
```

மேல் லேயர் சாம்பல் நிறத்துக்கு மாறி, மேடுபள்ளங்களும் பொருள்களின் ஓரங்களும் மட்டும் அதில் தெரியும். அதன் கலப்பு முறையை Linear Light என்று வைத்ததும் பழைய படம் அப்படியே திரும்ப வந்து நிற்கும். அப்படி வரவில்லையென்றால் மேற்சொன்ன மதிப்புகளில் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. ஜிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு 2.10ஆம் பதிப்பில் உள்ள Wavelet Decompose இதே வேலையை ஒரே சொடுக்கில், இன்னும் பல அடுக்குகளாகப் பிரித்துத் தருகிறது.

இப்போது நிற லேயர். அதில் எல்லாமே மங்கலாக இருப்பதால், ஏசியின் வெள்ளை அதன் ஓரத்தைத் தாண்டி முப்பது பிக்சல் அளவுக்குச் சுவரில் கசிந்திருக்கும். அதனால் ஓரத்திலிருந்து 40 பிக்சல் தள்ளியே சுத்தமான சுவர் தொடங்குகிறது என்று கொள்ள வேண்டும். ஏசிக்கு இடப்புறம், அந்த 40 பிக்சலுக்கு அப்பால், ஒடுக்கமான ஒரு செங்குத்துப் பட்டையைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க வேண்டும். உயரத்தில் அது ஏசிக்குச் சற்று மேலே தொடங்கி, நிழல் முடிந்து சற்றுக் கீழே வரை, ஏறத்தாழ 750 பிக்சல் இருக்கட்டும். Free Transform மூலம் அந்தப் பட்டையை வலப்பக்க எல்லை வரை அகலமாக இழுத்துவிடலாம். இந்த லேயரில் மேடுபள்ளம் எதுவும் இல்லாததால் எவ்வளவு இழுத்தாலும் கெட்டுப்போவதற்கு ஒன்றுமில்லை. இதேபோல வலப்புறத்திலிருந்தும் ஒரு பட்டையை எடுத்து இடதுபுறமாக இழுக்க வேண்டும். மேலே இருப்பதற்கு ஒரு மாஸ்க் போட்டு, அதில் இடமிருந்து வலமாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் கிரேடியன்ட்டை வரைந்தால், இடப்பக்க வெளிச்சம் வலப்பக்க வெளிச்சமாகப் படிப்படியாக மாறிக்கொண்டு போகும். கூரையருகே சுவர் இருண்டிருப்பது, கீழே வரவர வெளுப்பது ஆகிய மேல்கீழ் மாற்றங்களும் பட்டைகளிலேயே இருப்பதால் தாமாக வந்துவிடுகின்றன. இரண்டு பட்டைகளும் சொரசொரப்பு லேயருக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

வெறும் கிரேடியன்ட் கருவியால் இரண்டு நிறங்களைத் தொட்டு வரைந்துவிடலாமே என்று தோன்றும். அதில் மேல்கீழ் மாற்றம் வராது. சுவர் தட்டையான அட்டையைப் போல நிற்கும், அந்த இடத்தை யாராவது கழுவிவிட்டது போல இருக்கும்.

இந்நிலையில் படத்தைப் பார்த்தால் ஏசியின் நிறமும் நிழலும் போய், அதன் கோட்டுருவம் மட்டும் பென்சிலால் வரைந்தது போல மிஞ்சியிருக்கும். காற்றுத் தடுப்புத் தகட்டின் கோடுகள், ஓரங்கள், டிஸ்பிளே விளக்கின் புள்ளி எல்லாம் சொரசொரப்பு லேயரில்தான் உள்ளன. இங்கே குளோன் ஸ்டாம்ப் வருகிறது. பிரஷ்ஷின் ஹார்ட்னெஸ் 90க்கு மேல், ஒபாசிட்டி 100, Sample அமைப்பு Current Layer. இந்தக் கடைசி அமைப்பை மாற்ற மறந்து All Layers என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிசகு. அப்போது சுவரின் நிறமும் சேர்ந்து சாம்பல் லேயருக்குள் இறங்கி, ஒரே தடவலில் அந்த இடம் வெளுத்து எரியும். இன்னொன்று: சொரசொரப்பைத் துண்டாக நகலெடுத்துத் தனி லேயராக மேலே வைத்தால், அடியில் இருக்கும் ஏசியின் கோடுகளோடு அது கூடிவிடுமே தவிர அவற்றை மறைக்காது. எனவே அதே லேயரின் மேலேயே தடவ வேண்டும். முன்னெச்சரிக்கையாக லேயரின் நகல் ஒன்றை அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

தடவ வேண்டியது ஏசியின் பரப்பும் அதைச் சுற்றி 40 பிக்சலும் மட்டுமே. நிழல் விழுந்த இடத்தின் சொரசொரப்பு உண்மையான சுவரின் சொரசொரப்பு. அதைத் தொடத் தேவையில்லை. நிழல் போனது நிற லேயரில்தான். கைபடாத சுவர் எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவுக்குப் படம் நம்பும்படி இருக்கும்.

சொரசொரப்பை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அனுபவம் தெரியும். இந்தப் படத்தில் வெளிச்சம் இடதுபுற ஜன்னலிலிருந்து சுவரை உரசிக்கொண்டு வருகிறது. அதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் சிறு நிழல். நூறு சதவீத அளவில் உற்றுப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். இடம் போதவில்லையே என்று ஒரு துண்டை இடவலமாகத் திருப்பி ஒட்டினால், அதிலுள்ள மேடுகள் எல்லாம் பள்ளங்களாகத் தோன்றும். பார்ப்பவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் கண் இடறும். ஆகவே துண்டைத் திருப்பவும் கூடாது, சுழற்றவும் கூடாது. ஜன்னலிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் உள்ள சுவரிலிருந்து எடுப்பதே பொருத்தம், ஏனென்றால் வெளிச்சத்தின் சாய்வு மாறினால் மேடுகளின் அழுத்தமும் மாறும். இங்கே ஏசிக்கு நேர் கீழே, நிழலுக்கும் சோபாவுக்கும் நடுவே நல்ல பரப்பு கிடைக்கிறது.

ஆனால் லென்ஸ் குறுக்கிடுகிறது. அகலக் கோண லென்ஸ்களில் படத்தின் மூலைகள் நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாகவே பதியும். ஏசியும் வழக்கமாக மேல் மூலைப் பக்கம்தான் மாட்டப்பட்டிருக்கும். நடுச்சுவரின் கூர்மையான சொரசொரப்பை அங்கே கொண்டுபோய் வைத்தால், அந்த இடம் மட்டும் உப்புத்தாள் தேய்த்தது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே எடுப்பது நல்லது. முடியாதபோது, ஒட்டிய பகுதிக்கு அரை பிக்சல் அளவில் Gaussian Blur கொடுத்துப் பொருத்திவிடலாம்.

சுவர் கேமராவுக்கு நேராக இல்லாமல் சாய்ந்து ஓடினால், தூரம் போகப் போக மேடுகளும் சிறுத்துக்கொண்டே போகும். அருகிலுள்ள மூன்று பிக்சல் மேடு தூரத்தில் ஒன்றரை பிக்சல்தான். அப்போது அதே தூரத்தில் மேலும் கீழும் மட்டும் நகர்ந்து எடுக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் Vanishing Point சாளரத்தில் சுவரின் தளத்தை நான்கு மூலைகளால் வரையறுத்து அதற்குள் குளோன் செய்யலாம்; அளவை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

ஒரே துண்டை முழுசாகப் பெயர்த்து வைப்பதிலும் வில்லங்கம் உண்டு. எந்தச் சுவரிலும் ஒரு சிறு பொத்தல், ரோலரிலிருந்து உதிர்ந்த ஒரு நூல், சற்றுப் பெரிய ஒரு மேடு என்று அடையாளங்கள் இருக்கும். அதே அடையாளம் இரண்டு இடங்களில் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மூன்று நான்கு இடங்களிலிருந்து, ஒழுங்கில்லாத ஓரங்களோடு கலந்து எடுத்தால் இது நேராது.

ஸ்டெபிலைசரும் அதன் பிளக்கும் ஏசியின் பரப்புக்கு வெளியே இருந்தால் ஹீலிங் பிரஷ்ஷாலேயே முடிந்துவிடும். கேசிங் பட்டை கொஞ்சம் பாடு படுத்தும். அது கூரைக்கோட்டை ஒட்டியோ மூலைக்கோட்டைத் தாண்டியோ போகிறது. மூலையின் கோடு நேராகத் தொடர வேண்டும். கோட்டின் ஒரு நல்ல பகுதியில் மூலப்புள்ளியை வைத்து, கோட்டின் மேலேயே மறுபுள்ளியையும் பொருத்தி, ஒரே இழுப்பில் குளோன் செய்தால் கோடு முறியாமல் வரும்.

பொருள் சுவரிலிருந்து போன பிறகும் படத்தில் வேறெங்காவது ஒளிந்திருக்கலாம். வழவழப்பான விட்ரிஃபைட் டைல் தரையில் ஏசியின் வெள்ளை நிழலுரு நீளமாக விழுந்திருக்கும். அணைத்துவைத்த டிவி திரை, கண்ணாடி டீப்பாய், சுவர்ப்படத்தின் கண்ணாடி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏசியின் காற்று பட்டுக் கூரையில் படிந்த அழுக்குக் கோடும், தண்ணீர் சொட்டிய கறையும் காரணப்பொருள் இல்லாமல் தனியே நின்றால் வேடிக்கையாக இருக்கும்.

சோதனைக்கு அந்த Curves லேயரையே மறுபடி ஏற்ற வேண்டும். பட்டைகள் ஏசி இருந்த இடத்தின் வழியாக உடையாமல், தளர்வாக ஓடினால் நிறம் சரி. செவ்வக வடிவில் ஏதாவது திட்டுத் தெரிந்தால் மாஸ்க்கின் கிரேடியன்ட்டைத் திருத்த வேண்டும். பிறகு படத்தை 25 சதவீத அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் வெளிச்சக் குறைகள் தெரியும், நூறு சதவீதத்தில் சொரசொரப்புக் குறைகள் தெரியும். படத்தை இடவலமாகத் திருப்பிவைத்துப் பார்ப்பதும் உதவும். மணிக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் அப்போது புதிதாகப் பார்க்கிறது. திரும்பத் திரும்ப வந்த அடையாளங்கள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

இத்தனை பாடும் எந்த அளவில் படம் வெளியாகிறது என்பதைப் பொறுத்தது. 6000 பிக்சல் படத்தை 1080 பிக்சலாகச் சுருக்கிக் கைபேசித் திரைக்கு அனுப்பினால், மூன்று நான்கு பிக்சல் மேடு ஒரு பிக்சலுக்கும் குறைவாகி மறைந்துவிடும். அங்கே நிற லேயர் சரியாக இருந்தாலே போதும். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் அதே படம் 20 அங்குல அகலம் வரும், ஒவ்வொரு மேடும் காகிதத்தில் தெரியும். சீப்பால் கோடிழுத்த டெக்ஸ்சர் பெயின்ட், ஸ்டென்சில் பூ வேலை போன்ற ஒழுங்கான வடிவங்கள் உள்ள சுவரில் இந்த முறை செல்லாது. அங்கே புள்ளிகளை நிரப்பினால் போதாது, கோடுகள் கோடுகளோடு பொருந்த வேண்டும். ஏசிக்குப் பின்னால் வடிவம் எப்படித் தொடர்ந்தது என்பதை இருபுறமும் அளந்து, துண்டு துண்டாகக் கையால்தான் கட்டி முடிக்க வேண்டும்.